‘ப’வின் இரண்டு கால்கள்

ஸ்கேன் செய்த ஒரு தமிழ்ப் பக்கத்தைக் கணினி மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு வருகிறது. நாம் படிப்பதுபோல எழுத்து எழுத்தாக அல்ல, ஒரே ஒரு பிக்சல் உயரமுள்ள வரி வரியாக. ஒவ்வொரு வரியிலும் இடமிருந்து வலமாக நகர்ந்து, இங்கே மை இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் பார்க்கிறது. அப்படி வரும்போது ‘ப’ என்ற எழுத்து அதற்கு முதலில் இரண்டு தனித்தனிக் கோடுகளாகத்தான் தென்படும். இடது கால் ஒன்று, வலது கால் ஒன்று, நடுவில் வெள்ளை. இரண்டும் ஒரே எழுத்தின் கால்கள் என்பது அடிக்கோட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். அதற்குள் இரண்டுக்கும் வேறு வேறு எண் கொடுத்து முடித்திருக்கும்.

அச்சிட்ட எழுத்தை அடையாளம் காணும் மென்பொருள்களில் பல, ‘இது என்ன எழுத்து’ என்று கேட்பதற்கு முன்னால் ‘எந்த மைப் பிக்சல்கள் ஒன்றோடொன்று ஒட்டியவை’ என்று கேட்கின்றன. ஒட்டியவற்றையெல்லாம் ஒரு குழுவாகச் சேர்த்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் எண் கொடுத்தால்தான் பக்கத்தை வெட்டி எழுத்துகளாகப் பார்க்க முடியும். இந்தச் சேர்க்கும் வேலைக்கு நிரலாளர்கள் கையாளும் கருவியின் பெயர் டிஸ்ஜாயின்ட் செட் யூனியன். யூனியன் ஃபைண்ட் என்றும் சொல்வார்கள். சி மொழியில் இருபது வரிக்குள் அடங்கிவிடும் சமாசாரம். அந்த இருபது வரியில் இரண்டு வரி செய்கிற வேலைதான் வியப்பானது.

சின்னப் படம் ஒன்றை வைத்துப் பார்ப்போம். இது ‘ப்’. ஏழு பிக்சல் அகலம், ஐந்து பிக்சல் உயரம். `#` என்பது மை, `.` என்பது வெள்ளைத் தாள்.

```
...#...
.......
.#...#.
.#...#.
.#####.
```

விதி எளிமையானது. மைப் பிக்சல் ஒன்று வந்ததும், அதற்கு நேர் மேலேயும் நேர் இடப்பக்கத்திலும் மை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டிலும் இல்லையென்றால் புது எண் கொடுக்க வேண்டும். ஒன்றில் மட்டும் இருந்தால் அதன் எண்ணையே இதற்கும் கொடுக்கலாம். வலப்பக்கத்தையும் கீழேயும் பார்க்க வேண்டியதில்லை, அவை இனிமேல்தான் வரப்போகின்றன.

முதல் வரியில் புள்ளி வருகிறது. மேலே ஒன்றுமில்லை, இடப்பக்கமும் ஒன்றுமில்லை. எண் 1. இரண்டாம் வரி வெற்று. மூன்றாம் வரியில் இடது காலுக்கு எண் 2, வலது காலுக்கு எண் 3. நான்காம் வரியில் கால்கள் மேலே உள்ள எண்களை அப்படியே வாங்கிக்கொள்கின்றன. ஐந்தாம் வரியில் அடிக்கோடு தொடங்குகிறது: 2, 2, 2, 2. கடைசிப் பிக்சலில் சிக்கல். அதற்கு இடப்பக்கம் 2, மேலே 3. ஒரே பிக்சலை இரண்டு எண்கள் உரிமை கோருகின்றன. அதாவது 2 என்றும் 3 என்றும் பிரித்து வைத்தது தவறு, இரண்டும் ஒரே கூட்டம்.

இந்த இடத்தில் யாருக்கும் முதலில் தோன்றும் வழி, படத்தில் 3 என்று எழுதிய இடத்தையெல்லாம் தேடிப்பிடித்து 2 என்று திருத்துவது. முப்பத்தைந்து பிக்சல் படத்துக்கு அது சரிதான். ஆனால் ஏ4 தாளை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2480 பிக்சல் அகலம், 3508 பிக்சல் உயரம், மொத்தம் ஏறத்தாழ 87 லட்சம் பிக்சல். ஒரு பக்கத்தில் இப்படிப்பட்ட மோதல் பத்தாயிரம் முறை வருகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் முழுப் பக்கத்தையும் துழாவினால் 8,700 கோடி பார்வை. ஒரு பக்கத்துக்கு! புத்தகம் முழுவதையும் இப்படிப் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

ஆகவே படத்தைத் தொடாமல், பக்கத்தில் ஒரு சிறு பட்டியல் வைத்து, அதில் ‘3 என்பது 2தான்’ என்று குறித்துக்கொண்டு மேலே போய்விடலாம். அந்தப் பட்டியலுக்கு `parent` என்று பெயர் வைப்பது வழக்கம். ஒவ்வொரு எண்ணுக்கும் அதில் ஒரு கட்டம். கட்டத்தில் அந்த எண்ணே எழுதியிருந்தால் அது ஒரு கூட்டத்துக்குத் தலை. வேறு எண் எழுதியிருந்தால், ‘என் தலையை அங்கே போய்க் கேள்’ என்று பொருள். நம் ‘ப்’ படம் முடிந்ததும் பட்டியல் இப்படி இருக்கும்: 1-க்கு 1, 2-க்கு 2, 3-க்கு 2. தலைகள் இரண்டு. புள்ளி ஒரு கூட்டம், ‘ப’ ஒரு கூட்டம். மொத்தம் மூன்று எண் கொடுத்தோம், ஒரு முறை இணைத்தோம். மூன்றில் ஒன்று போக மீதி இரண்டு. இந்தக் கழித்தலை நினைவில் வைத்திருங்கள், பிழை பிடிக்க உதவும்.

ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கைகாட்டும் இந்த மர அமைப்பை 1964-ல் பெர்னார்ட் கேலர், மைக்கேல் ஃபிஷர் என்ற இருவர் ஒரு சிறு கட்டுரையாக எழுதினார்கள். அவர்களுக்குப் படமும் இல்லை, எழுத்தும் இல்லை. ஃபோர்ட்ரான் போன்ற மொழிகளில் `EQUIVALENCE` என்று ஓர் அறிவிப்பு உண்டு. இந்த மாறியும் அந்த மாறியும் நினைவகத்தில் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ளட்டும் என்று கம்பைலருக்குச் சொல்வது அது. A-யும் B-யும் ஒன்று, C-யும் D-யும் ஒன்று, பிறகு B-யும் C-யும் ஒன்று என்று அறிவிப்புகள் வந்துகொண்டே இருந்தால், கடைசியில் எவையெல்லாம் ஒரே இடம் என்று கம்பைலர் கண்டுபிடிக்க வேண்டும். ‘ப’வின் கால்கள் சேர்வதும் இதே கணக்குத்தான்.

இப்போது இணைக்கும் வேலையைச் சி மொழியில் எழுதலாம்.

```c
int unite(int a, int b)
{
    a = find(a);
    b = find(b);
    if (a == b) return 0;
    if (a < b) parent[b] = a;
    else       parent[a] = b;
    return 1;
}
```

இந்தச் செயலுக்கு `union` என்று பெயர் வைத்தால் கம்பைலர் ஏற்காது. அது சி மொழி தனக்கென ஒதுக்கிக்கொண்ட சொல். பல மாறிகள் ஒரே நினைவிடத்தைப் பகிர்வதற்குத்தான் சி அதைப் பயன்படுத்துகிறது, அதாவது கேலரும் ஃபிஷரும் தொடங்கிய அதே `EQUIVALENCE` விவகாரத்துக்கு. அதனால் எல்லோரும் `unite`, `merge`, `join` என்று எதையாவது வைத்துச் சமாளிக்கிறார்கள்.

முதல் இரண்டு வரிகள்தான் முக்கியம். இணைப்பது எப்போதும் தலையோடு தலையை. கையில் கிடைத்த இரண்டு எண்களை நேராகக் கட்டிவிடக் கூடாது. முதல் முறை எழுதுகிறவர்கள் `parent[a] = b` என்று ஒரே வரியில் முடித்துவிடுவது உண்டு. அது என்ன செய்யும்? 3-இன் கட்டத்தில் ஏற்கெனவே 2 இருக்கிறது. இப்போது 3-உம் 1-உம் ஒன்று என்று தெரிகிறது. நேராக 3-இன் கட்டத்தில் 1 என்று எழுதினால், 2 என்று இருந்தது அழிந்துபோகும். 3 மட்டும் 1-இன் பக்கம் போய்ச் சேர, 2 அநாதையாக நிற்கும். மூன்றும் ஒரே கூட்டமாக இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கூட்டம். நிரல் உடைந்து விழாது, எந்த எச்சரிக்கையும் வராது, விடை மட்டும் தவறாக இருக்கும்.

இதைப் பிடிக்கத்தான் அந்தக் கழித்தல். இதுவரை வேறாக இருந்த இரண்டு கூட்டங்கள் உண்மையில் சேர்ந்தால் `unite` 1 என்று திருப்பித் தருகிறது. கொடுத்த எண்களின் எண்ணிக்கையிலிருந்து இந்த 1-களின் கூட்டுத்தொகையைக் கழித்தால் வருவதும், பட்டியலில் தன்னையே காட்டும் தலைகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். மேலே சொன்ன தவறான வழியில் மூன்று எண், இரண்டு இணைப்பு, ஆகவே ஒரு கூட்டம் என்று கணக்கு சொல்லும். பட்டியலிலோ 1, 2 என இரண்டு தலைகள் நிற்கும். கணக்கு உதைத்ததும் எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இனி `find`. தலையைத் தேடுவது. கட்டத்தில் இருக்கும் எண்ணுக்குப் போ, அங்கிருந்து அடுத்ததற்குப் போ, தன்னையே காட்டும் எண் வரும்வரை போய்க்கொண்டே இரு. அவ்வளவுதான். ‘ப’வுக்கு ஒரே தாவல். ஆனால் எல்லா வடிவமும் இவ்வளவு சாதுவாக இருக்காது. இந்த வடிவத்தைப் பாருங்கள்.

```
#.#.#.#.#
#.#.#.###
#.#.###..
#.###....
###......
```

முதல் வரியிலேயே ஐந்து பற்களுக்கும் ஐந்து எண்கள் போய்விடும், இடமிருந்து 1, 2, 3, 4, 5. இரண்டாம் வரியின் கடைசியில் 4-உம் 5-உம் மோதுகின்றன. சின்ன எண்ணே தலையாக இருக்கட்டும் என்று `unite` எழுதியிருப்பதால் 5-இன் கட்டத்தில் 4. மூன்றாம் வரியில் 3-உம் 4-உம் மோத, 4-இன் கட்டத்தில் 3. நான்காம் வரியில் 3-இன் கட்டத்தில் 2. ஐந்தாம் வரியில் 2-இன் கட்டத்தில் 1. இப்போது 5-க்குத் தலை யார் என்று கேட்டால் 4, 3, 2, 1 என்று நான்கு தாவல் போக வேண்டும். படம் இன்னும் அகலமாக இருந்தால், ஆயிரம் பல்லுக்கு ஏறத்தாழ ஆயிரம் தாவல். கடைசிப் பல்லில் இருக்கும் ஒவ்வொரு பிக்சலுக்கும் அதே ஆயிரம் தாவல் மறுபடி மறுபடி. மரம் என்று பெயர் வைத்தோம், அது கிளையே இல்லாமல் ஒற்றைக் கம்பியாக நீண்டுவிட்டது.

ஒரு ஊருக்குப் போய் ஒருவரிடம் ‘உங்க வகையறாவுக்குப் பெரியவர் யாருங்க?’ என்று கேட்கிறோம். அவர் ‘எனக்குத் தெரியாதுங்க, எங்க சித்தப்பாவைக் கேளுங்க’ என்கிறார். சித்தப்பா அவருடைய அண்ணனைக் காட்டுகிறார், அண்ணன் பெரியப்பாவைக் காட்டுகிறார், கடைசியில் பெரியவர் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்கிறோம். இவ்வளவு அலைந்தவர் சும்மா திரும்பிப் போகாமல், வந்த வழியில் இருந்த ஒவ்வொருவரிடமும் ‘இனிமே யாராவது கேட்டா நேரா இந்த வீட்டையே காட்டிடுங்க’ என்று சொல்லிவிட்டுப் போனால்? அடுத்து வருகிறவருக்கு ஒரே எட்டு. பாத் கம்ப்ரஷன் என்பது இதுதான். சி-யில் எழுதினால்:

```c
int find(int x)
{
    int root = x;
    while (parent[root] != root)
        root = parent[root];
    while (parent[x] != root) {
        int next = parent[x];
        parent[x] = root;
        x = next;
    }
    return root;
}
```

முதல் `while` தலையைக் கண்டுபிடிக்கிறது. இரண்டாவது `while` அதே வழியில் இன்னொரு முறை நடந்து, ஒவ்வொரு கட்டத்திலும் தலையின் எண்ணை எழுதிவிட்டுப் போகிறது. நம் ஐந்து பல் வடிவத்தில் `find(5)` அழைப்பதற்கு முன் 1 முதல் 5 வரையுள்ள கட்டங்களில் இருந்தவை 1, 1, 2, 3, 4. அழைத்த பின் 1, 1, 1, 1, 1. யார் யாரோடு சேர்ந்தவர் என்ற விடை மாறவே இல்லை, விடைக்குப் போகும் தூரம் மட்டும் குறைந்துவிட்டது. கேள்வி கேட்பதே பட்டியலைச் செப்பனிடுகிறது. வேறு பல தரவு அமைப்புகளில் படிப்பது என்றால் படிப்பது மட்டும்தான். இங்கே படிக்கும்போதே எழுதுகிறோம். அதனால் பல திரெட்கள் ஒரே சமயத்தில் `find` மட்டும்தானே அழைக்கின்றன, பூட்டு எதற்கு என்று அசட்டையாக இருக்க முடியாது.

இதையே ஒரே நடையில் முடிக்கும் இன்னொரு வழியும் உண்டு. ஒவ்வொரு எட்டிலும் நம் கட்டத்தில் ‘என்னுடைய அடுத்தவருக்கு அடுத்தவர்’ என்று எழுதிவிட்டு அங்கேயே தாவுவது. பாத் ஹாவிங் என்பார்கள், பாதையைப் பாதியாக்குவது.

```c
while (parent[x] != x) {
    parent[x] = parent[parent[x]];
    x = parent[x];
}
return x;
```

ஐந்து பல் வடிவத்தில் இது 5-இலிருந்து 3-க்கும், 3-இலிருந்து 1-க்கும் தாவும். முடிவில் கட்டங்கள் 1, 1, 1, 3, 3. முழுத் தட்டையாகவில்லை, ஆனாலும் நீளம் நான்கிலிருந்து இரண்டாகிவிட்டது. நடைமுறையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். என் விருப்பம் இந்தச் சின்னது, தப்புச் செய்ய இடமே இல்லை.

பாடப்புத்தகங்களில் `find` தன்னையே அழைக்கும் ஒற்றை வரியாக, ரிகர்ஷனாக இருக்கும்: `return parent[x] == x ? x : (parent[x] = find(parent[x]));`. பார்க்க அழகு. சி-யில் அதற்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு அழைப்பும் ஸ்டாக்கில் சில பத்து பைட்களைப் பிடித்துக்கொள்ளும், தலைக்குப் போய்த் திரும்பும்வரை விடாது. நம் பக்கத்தின் அகலம் 2480 பிக்சல், அதில் அந்தச் சீப்பு வடிவத்துக்கு 1240 பல்லுக்கு மேல் இடமில்லை, ஆகவே தாங்கும். அதே `find`-ஐ எடுத்துப்போய்ப் பத்து லட்சம் பதிவுகளை ஒன்றோடொன்று சேர்க்கும் வேறொரு வேலையில் வைத்து, இணைப்புகள் கடைசியிலிருந்து முதலுக்கு வரிசையாக வந்தால், பத்து லட்சம் கண்ணியுள்ள கம்பி உருவாகும். லினக்ஸில் ஸ்டாக்கின் வழக்கமான உச்ச அளவு 8 எம்பி. கம்பியின் கடைசிக் கண்ணியைக் கேட்டதும் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று நிரல் விழும். சிறிய தரவில் சரியாக ஓடி, பெரியதில் மட்டும் `find`-க்குள் விழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். லூப்பாக எழுதிவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

விடை தவறாகும் இன்னொரு வழி, தொடக்க மதிப்புகளை மறப்பது. புது எண் கொடுக்கும்போதே `parent[n] = n` என்று எழுத வேண்டும். `parent` நிரலின் வெளியே அறிவித்த அரேயாக இருந்தால் எல்லாக் கட்டத்திலும் பூச்சியம்தான் இருக்கும். அப்போது ஒவ்வொரு எண்ணும் பூச்சியத்தையே தலையாகக் காட்டும், முழுப் பக்கமும் ஒரே எழுத்தாகிவிடும். `malloc`-இல் வாங்கிய இடமாக இருந்தால் கட்டங்களில் என்ன குப்பை இருக்கும் என்று சொல்ல முடியாது. நிரல் விழலாம், முடிவில்லாமல் சுற்றலாம், சில நாள் சரியாகக்கூட ஓடலாம். கடைசியாகச் சொன்னதுதான் மோசமானது.

இனிப் பக்கத்தைப் படிக்கும் பகுதி. எல்லா `label` கட்டங்களும் பூச்சியமாகத் தொடங்குகின்றன என்று வைத்துக்கொண்டு, மைப் பிக்சல் ஒவ்வொன்றுக்கும் இது நடக்கும்:

```c
int up   = y ? label[y-1][x] : 0;
int left = x ? label[y][x-1] : 0;
if (!up && !left) {
    n++;
    parent[n] = n;
    label[y][x] = n;
} else {
    label[y][x] = left ? left : up;
    if (up && left && up != left)
        unite(up, left);
}
```

கடைசி நிபந்தனையில் `up != left` என்று சேர்த்திருப்பது கஞ்சத்தனத்துக்காக. 300 டிபிஐயில் ஒரு கோடு பல பிக்சல் தடிமனாக இருக்கும். அதன் உட்பகுதியில் உள்ள ஒவ்வொரு பிக்சலுக்கும் மேலேயும் மை, இடப்பக்கமும் மை. பெரும்பாலும் இரண்டும் ஒரே எண். அதற்கெல்லாம் `find` போய்க் கேட்பது வீண் அலைச்சல். இன்னும் ஒரு படி மேலே போகலாம்: மேல் இடது மூலைப் பிக்சலிலும் மை இருந்தால், அது மேலே உள்ளதையும் இடப்பக்கம் உள்ளதையும் தொட்டுக்கொண்டுதானே இருக்கிறது? அவை எப்போதோ சேர்ந்தவை. இணைக்கவே வேண்டாம். மூலை வெள்ளையாக இருக்கும்போதுதான் உண்மையிலேயே புதிய செய்தி இருக்கக்கூடும். ‘ப்’ படத்தில் அந்தக் கடைசிப் பிக்சலின் மேல் இடது மூலையைப் பாருங்கள், வெள்ளை.

முதல் சுற்று முடிந்ததும் `parent` பட்டியலை ஒரு முறை சீர்செய்து, 1, 2, 3 என்று இடைவெளியில்லாத எண்களாக மாற்ற வேண்டும். சின்ன எண்ணையே தலையாக வைத்தது இங்கேதான் பயன்படுகிறது. எந்த எண்ணின் கட்டத்திலும் அதைவிடப் பெரிய எண் இருக்க முடியாது. ஆகவே சிறியதிலிருந்து பெரியதாக ஒரு நடை நடந்தால், ஒருவரிடம் வரும்போது அவர் கைகாட்டுபவருக்கு இறுதி எண் ஏற்கெனவே கிடைத்திருக்கும். `find` கூடத் தேவையில்லை.

```c
int k = 0;
for (int i = 1; i <= n; i++)
    number[i] = (parent[i] == i) ? ++k : number[parent[i]];
```

‘ப்’ படத்துக்கு `number` 1, 2, 2 என்று வரும். பிறகு படத்தை இன்னொரு முறை நடந்து, ஒவ்வொரு பிக்சலின் பழைய எண்ணுக்குப் பதில் புதிய எண்ணை எழுதினால் வேலை முடிந்தது. பக்கத்தை இரண்டே முறை பார்க்கிறோம், மோதல் எத்தனை வந்தாலும்.

சின்ன எண்ணைத் தலையாக்குவதில் ஒரு விட்டுக்கொடுத்தல் இருக்கிறது. பாடப்புத்தக முறை, இரண்டு மரங்களில் சிறியதைப் பெரியதன் கீழே தொங்கவிடும். அப்படிச் செய்தால் மரம் கம்பியாக நீளவே நீளாது. அதையும் பாத் கம்ப்ரஷனையும் சேர்த்தால் வேகம் எவ்வளவு என்பதில் கணினியியலாளர்கள் சில ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1973-ல் ஹாப்கிராஃப்டும் உல்மனும் மிக மெதுவாக வளரும் ஒரு வரம்பைக் காட்டினார்கள். 1975-ல் ராபர்ட் டார்ஜன் அதைவிட மெதுவாக வளரும் ஒன்றைக் காட்டினார். அக்கர்மன் சார்பின் தலைகீழ் என்று அதற்குப் பெயர். உலகத்தில் எந்தக் கணினியிலும் ஏற்றக்கூடிய அளவு தரவுக்கும் அதன் மதிப்பு 4-ஐத் தாண்டாது. மாறிலி என்றே சொல்லிவிடலாம் போலிருக்கிறது, ஆனால் கணக்குப்படி மாறிலி அல்ல. அந்தச் சிறு வளர்ச்சியை யாராலும் அகற்ற முடியாது என்பதும் பின்னால் நிறுவப்பட்டுவிட்டது.

நாம் மர அளவைப் பார்க்காமல் எண்ணின் சிறுமையைப் பார்ப்பதால் அந்த உத்தரவாதம் நமக்கு இல்லை. பாத் கம்ப்ரஷன் மட்டும் இருந்தால், ஒரு கேள்விக்குச் சராசரிச் செலவு எண்களின் எண்ணிக்கையின் லாகரிதம் அளவுக்குப் போகலாம். ஏ4 பக்கத்தில் மிகமிக மோசமாக, சதுரங்கப் பலகை போல ஒன்றுவிட்டு ஒன்று மை இருந்தாலும், எண்கள் பிக்சலில் பாதி, 43 லட்சத்துச் சொச்சம். `parent` அரேக்கும் அவ்வளவு கட்டம் ஒதுக்கினால் போதும். 43 லட்சத்தின் லாகரிதம், இரண்டை அடியாகக் கொண்டால், சுமார் 22. அச்சிட்ட உண்மையான பக்கத்தில் அந்த நிலை வருவதே இல்லை. எண்கள் வரிசையாக இருப்பதால் கிடைக்கும் வசதிக்காக இந்த இழப்பைத் தாராளமாக ஏற்றுக்கொள்ளலாம் என்பதே என் கணக்கு.

இவ்வளவும் சரியாக எழுதிய பிறகும் விடை வினோதமாக வருவதுண்டு. குற்றம் `find`-இல் இருக்காது, ‘ஒட்டியது’ என்று எதைச் சொல்கிறோம் என்பதில் இருக்கும். நேர் மேல், நேர் இடம் என்ற இரண்டை மட்டும் பார்த்தால், ஒரு பிக்சல் தடிமனில் சாய்வாக இறங்கும் கோடு எத்தனை பிக்சலோ அத்தனை கூட்டமாகச் சிதறும். மூலைக்கு மூலை தொடுவதையும் ஒட்டியதாகக் கொள்ள, மேல் இடது, மேல் வலது இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மை சார்ந்த வேலைக்கு இதுவே வழக்கம். அப்போது எந்தெந்த மூலை ஏற்கெனவே சேர்ந்தது என்ற அந்தக் கஞ்சத்தனக் கணக்கும் மாறும், `unite` மட்டும் ஓர் எழுத்துகூட மாறாது.

கூட்டங்களை அளவுவாரியாக எண்ணிப் பார்ப்பது நல்ல பழக்கம். ஒன்றிரண்டு பிக்சல் மட்டுமே உள்ள கூட்டங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால், அது தூசி, அல்லது கறுப்பு வெள்ளையாக மாற்றிய எல்லை சரியில்லை. ஒரே கூட்டம் பக்கம் முழுவதும் பரவியிருந்தால், அட்டவணையின் கோடோ, புத்தகத்தின் மடிப்பில் விழுந்த நிழலோ எழுத்துகளைத் தொட்டு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டது. இரண்டுக்கும் நடுவில் உள்ளவைதான் எழுத்துகள், அவையும் நேர்த்தியாக ஒன்றுக்கு ஒன்று என்று வருவதில்லை. ‘ஃ’ மூன்று கூட்டம். ‘கா’ இரண்டு. ‘கி’யில் பெரும்பாலான அச்செழுத்துகளில் கொக்கி உடம்போடு ஒட்டியிருப்பதால் ஒன்று. ‘ப்’ இரண்டு என்று பார்த்தோம். சின்னக் கூட்டம் ஒன்று பெரிய கூட்டத்தின் தலைக்கு மேலே, அதன் அகலத்துக்குள் உட்கார்ந்திருந்தால் அது மெய்யெழுத்தின் புள்ளியாக இருக்கும் என்று முடிவுகட்டுவது அடுத்த கட்ட நிரலின் பொறுப்பு. கூட்டம் சேர்க்கும் இந்த அமைப்புக்கு எழுத்தும் தெரியாது, மொழியும் தெரியாது.

தெரியாத இன்னொன்றும் உண்டு. மை பரவிய பழைய அச்சில் புள்ளி கீழே வழிந்து ‘ப’வின் ஒரு காலைத் தொட்டுவிடும், அல்லது பக்கத்து எழுத்து இதன் மேல் உரசும். அப்போது இரண்டு எழுத்து ஒரே கூட்டமாகிவிடுகிறது. தொடும் இடத்தில் உள்ள இரண்டு மூன்று பிக்சலை அழித்துவிட்டால் பிரிந்துவிடாதா? படத்தில் பிரியும், `parent` பட்டியலில் பிரியாது. இணைப்பது ஒரு கட்டத்தில் ஓர் எண்ணை மாற்றுவது. பிரிப்பதற்கு யார் எதன் வழியாக வந்து சேர்ந்தார் என்ற வரலாறு வேண்டும், அதைத்தான் பாத் கம்ப்ரஷன் அழித்துக்கொண்டே வந்தது. செய்ததைத் திரும்பப் பெற வேண்டிய வேலைகளில் பாத் கம்ப்ரஷனை விட்டுவிட்டு, சிறிய மரத்தைப் பெரியதன் கீழ் வைக்கும் முறையை மட்டும் வைத்து, ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு ஸ்டாக்கில் எழுதிக்கொள்வார்கள். அதிலும் கடைசியாகச் சேர்த்ததைத்தான் முதலில் பிரிக்க முடியும். எழுத்துப் பக்கத்தில் அவ்வளவு சிரமம் தேவைப்படுவதில்லை. சந்தேகத்துக்குரிய கூட்டத்தின் எல்லைப் பெட்டியை மட்டும் வெட்டி எடுத்து, ஒட்டுப் பிக்சல்களை அழித்து, அந்தச் சிறு சதுரத்துக்கு மட்டும் 1-இலிருந்து மறுபடி எண் போட்டால் ஆயிற்று.